பியூட்டிரோமீட்டர் காட்டும் கொழுப்பு அளவு: கந்தக அமிலமும் அமைல் ஆல்கஹாலும் செய்யும் வேலை

கிராமத்துப் பால் சங்கத்தில் கருவியில் பாலை வைத்ததும் சீட்டில் ஒரு கொழுப்பு அளவு அச்சாகி வருகிறது. அதே பாலைக் குளிர்விப்பு நிலையத்து ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சோதித்தால் வேறொரு அளவு வருகிறது. 3.6 என்று ஒன்றும் 3.9 என்று மற்றொன்றும் சொல்லும்போது, பால் ஊற்றும் விவசாயிக்கு எழும் கேள்வி நியாயமானது: எந்த எண்ணை நம்புவது? பெரும்பாலும் கிடைக்கும் பதில், "கெர்பர் சோதனைதான் சரியானது" என்பதாகும். அந்தப் பதிலில் பாதி உண்மைதான் இருக்கிறது. கண்ணாடிக் குழாயில் செய்யும் இந்தக் கெர்பர் சோதனை தரும் எண், அதில் ஊற்றப்பட்ட இரண்டு திரவங்களின் தரத்தைப் பொறுத்தே சரியாகவோ பிழையாகவோ அமைகிறது. அவற்றில் ஒன்று கந்தக அமிலம், மற்றொன்று அமைல் ஆல்கஹால். இவை ஒவ்வொன்றும் குழாய்க்குள் என்ன செய்கின்றன, எப்போது அந்த வேலை கெட்டுப்போகிறது, கெட்டதைக் கண்ணால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையே இக்கட்டுரை விளக்குகிறது.

முறை எங்கிருந்து வந்தது

பாலை அளவு பார்த்து மட்டும் வாங்கிய காலத்தில், தண்ணீர் கலந்தவருக்கும் கலக்காதவருக்கும் ஒரே விலைதான் கிடைத்தது. இதற்குத் தீர்வாக 1890-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் வேளாண் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஸ்டீபன் பாப்காக், கந்தக அமிலத்தையும் சுழற்சியையும் கொண்டு பாலின் கொழுப்பைப் பிரித்து அளக்கும் சோதனையை வெளியிட்டார். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் கெர்பர் தம்முடைய முறையை உருவாக்கினார். இரண்டிலும் அமிலம் உண்டு. கெர்பர் முறையில் அதனுடன் சிறிதளவு அமைல் ஆல்கஹாலும் சேர்கிறது. பாப்காக் முறையில் ஆல்கஹால் இல்லை. அங்கே இடையிடையே வெந்நீர் ஊற்றி மீண்டும் மீண்டும் சுழற்ற வேண்டும். அமெரிக்காவில் பாப்காக் முறை வேரூன்றியது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் கெர்பர் முறையே நிலைத்தது. இந்தியத் தர நிர்ணய ஆவணங்கள் வகுத்திருப்பதும் இதையே.

குழாயின் கோடுகள் எதை அளக்கின்றன

பியூட்டிரோமீட்டர் என்பது பருத்த வயிறும் ஒடுங்கிய தண்டும் கொண்ட கண்ணாடிக் குழாய். தண்டின் மீது சதவீதக் கோடுகள் பொறிக்கப்பட்டிருக்கும். வயிற்றின் அடிப்பக்க வாயை ரப்பர் அடைப்பானால் இறுக்கி மூடுவார்கள். சோதனை முடிந்து குழாயைத் தண்டு மேலாக நிறுத்தும்போது, உருகிய கொழுப்பு மஞ்சள் நிறப் பத்தியாகத் தண்டில் நிற்கும்.

கோடுகளில் சதவீதம் எழுதப்பட்டிருந்தாலும் குழாய் உண்மையில் அளப்பது கன அளவைத்தான். ஒவ்வொரு 1 சதவீதக் கோட்டுக்கும் இடையே 0.125 மில்லிலிட்டர் இடம் இருக்கும்படி தண்டு செய்யப்பட்டிருக்கிறது. இந்த எண் எப்படி வந்தது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இன்றைய அளவுப்படி எடுக்கும் பால் 10.75 மி.லி. பாலின் அடர்த்தியை 1.03 என்று கொண்டால், அதன் எடை ஏறத்தாழ 11.07 கிராம். அதில் 1 சதவீதம் 0.111 கிராம் கொழுப்பு. அளவைப் படிக்கும் 65 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் உருகிய பால் கொழுப்பின் அடர்த்தி சுமார் 0.89. ஆகவே அந்த 0.111 கிராம் அடைக்கும் இடம் ஏறத்தாழ 0.125 மி.லி.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, கோடுகள் மூன்று அனுமானங்களின் மேல் நிற்கின்றன. பால் 10.75 மி.லி. இருக்க வேண்டும், வெப்பநிலை 65 டிகிரியாக இருக்க வேண்டும், பத்தியில் நிற்பது கொழுப்பாக மட்டுமே இருக்க வேண்டும். பழைய 11 மி.லி. பிப்பெட்டை இன்னும் பயன்படுத்தும் இடத்தில் பால் சுமார் 2.3 சதவீதம் கூடுதலாகப் போகிறது. அதனால் 4.0 காட்ட வேண்டிய பால் 4.1-ஐ ஒட்டிக் காட்டும்.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. 0.1 சதவீதம் என்பது தண்டில் 0.0125 மி.லி. மட்டுமே. ஒரு நீர்த்துளியை 0.05 மி.லி. என்று எடுத்துக்கொண்டால், இது துளியின் கால் பங்கு. கொழுப்பு அல்லாத எண்ணெய்த் தன்மையுள்ள ஏதோ ஒன்று ஒரு துளி அளவு பத்தியில் சேர்ந்துவிட்டால், கொழுப்பு 0.4 சதவீதம் கூடியதாகத் தோன்றும். கந்தக அமிலத்துக்கும் அமைல் ஆல்கஹாலுக்கும் இவ்வளவு கறாரான கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டிருப்பதன் காரணம் இந்தக் கால் துளிதான்.

கொழுப்பு ஏன் தானாகப் பிரிவதில்லை

பாலில் கொழுப்பு கரைந்திருப்பதில்லை. சராசரியாக 3 அல்லது 4 மைக்ரான் விட்டமுள்ள நுண்ணிய உருண்டைகளாக அது மிதந்துகொண்டிருக்கிறது. ஒவ்வோர் உருண்டையையும் புரதமும் பாஸ்போலிப்பிடும் சேர்ந்த மெல்லிய உறை சூழ்ந்திருக்கிறது. இரண்டு உருண்டைகள் முட்டிக்கொண்டாலும் ஒன்றோடொன்று இணைந்துவிடாதபடி அந்த உறை தடுக்கிறது. பாலைப் பானையில் வைத்திருந்தால் ஏடு மேலே வருவது உண்மை. ஆனால் அது உருண்டைகள் கூட்டமாக மேலெழுந்து நிற்பதுதான், தெளிந்த கொழுப்பாக ஒன்றுசேர்வதன்று. பாலைத் தயிராக்கிக் கடைந்து வெண்ணெய் எடுத்து, அதையும் உருக்கினால்தான் நெய் தெளிகிறது. நெய் காய்ச்சுபவர் பல மணி நேரத்தில் செய்யும் இந்த வேலையைச் சில நிமிடங்களில், ஒரு துளியும் பின்தங்காமல் செய்வதற்கே கெர்பர் முறையில் வேதிப்பொருள்கள் தேவைப்படுகின்றன. உருண்டையின் உறையைக் கரைக்க வேண்டும். சுற்றியுள்ள புரதங்கள் கொழுப்பைச் சிறைபிடிக்காதபடி அவற்றையும் கரைக்க வேண்டும். கொழுப்பை உருகிய நிலையில் வைத்திருக்க வேண்டும். அதை மேலே தள்ள வேண்டும். இந்த நான்கு வேலைகளையும் கந்தக அமிலம் ஒன்றே செய்கிறது.

கந்தக அமிலம்: வலிமை ஏன் 90 சதவீதம்

பாலில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் பால் திரிந்துபோகும் என்பது அனைவரும் அறிந்ததே. அமிலத்தன்மை ஏறும்போது கேசின் என்ற முக்கியப் பாற்புரதம் கட்டியாகிப் பிரிகிறது. அந்தக் கட்டி தன்னோடு கொழுப்பையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. பன்னீர் கொழுப்புச் சத்துடன் இருப்பதற்குக் காரணமே இதுதான். ஆகவே கொழுப்பைப் பிரிக்க நீர்த்த அமிலம் உதவாது, காரியத்தைக் கெடுக்கவே செய்யும். ஆனால் அமிலத்தின் வலிமை மிக அதிகமாகும்போது திரிந்த அதே கட்டி மீண்டும் கரைகிறது. குழாயைக் குலுக்கும்போது இந்த இரண்டு கட்டங்களையும் கண்ணால் பார்க்கலாம். பாலும் அமிலமும் கலக்கத் தொடங்கிய கணத்தில் வெள்ளைத் திரிகள் தோன்றும். தொடர்ந்து குலுக்கினால் அவை மஞ்சளாகி, பழுப்பாகி, இறுதியில் கட்டியே இல்லாத கருஞ்சிவப்பு கலந்த பழுப்புத் திரவமாகிவிடும். பாலின் சர்க்கரையான லாக்டோஸ் அமிலத்தால் ஓரளவு கருகுவதே அந்த நிறத்துக்கு முக்கியக் காரணம்.

அமிலம் பாலிலுள்ள நீருடன் சேரும்போது பெரும் வெப்பம் வெளிப்படுகிறது. குழாயை வெறுங்கையால் பிடிக்க முடியாது, துணி சுற்றித்தான் பிடிக்க வேண்டும். இந்தச் சூடு தேவையற்ற பக்க விளைவு அன்று. கொழுப்பை உருக்கி, இளக்கமாக ஓடச் செய்வதும் இதுவே. அதோடு அடர்த்தியும் மாறுகிறது. சாதாரணப் பாலில் கொழுப்புக்கும் சுற்றியுள்ள நீர்ப்பகுதிக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு மிகக் குறைவு. 10 மி.லி. அமிலம் சேர்ந்தபின் கீழே உள்ள திரவத்தின் அடர்த்தி 1.4 அளவுக்கு ஏறிவிடுகிறது. கொழுப்பு 0.9-க்குக் கீழேயே இருக்கிறது. இந்த இடைவெளியால்தான் நான்கைந்து நிமிடச் சுழற்சியில் கொழுப்பு முழுவதும் மேலே வந்து சேர முடிகிறது.

கடையில் கிடைக்கும் அடர் கந்தக அமிலம் பொதுவாக 98 சதவீதம் கொண்டது. சோதனைக்கு வேண்டியது சுமார் 90 சதவீதம்தான். ஆய்வகத்தில் இதை அடர்த்தியைக் கொண்டே சரிபார்க்கிறார்கள். இந்திய முறைப்படி 27 டிகிரி செல்சியஸில் அது 1.807-க்கும் 1.812-க்கும் இடையில் இருக்க வேண்டும். அமிலம் இந்த வரம்புக்கு மேலே வலுத்திருந்தால் சர்க்கரையும் புரதமும் கரைவதோடு நில்லாமல் கரியாகிவிடும். அந்தக் கரித்துகள்கள் கொழுப்புப் பத்தியின் அடியில் கறுப்பு வளையமாக ஒட்டி நிற்கும். வரம்புக்குக் கீழே இளைத்திருந்தால் கேசின் முழுவதும் கரையாது. பத்தியின் அடியில் வெள்ளை அல்லது மங்கிய மஞ்சள் நிறத் துணுக்குகள் தொங்கும். கீழே உள்ள திரவமும் ஆழ்ந்த பழுப்பாக மாறாமல் வெளிறியே இருக்கும்.

கந்தக அமிலம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மூடி சரியாக இறுகாத அமிலப் புட்டி மழைக்காலத்தில் தானாகவே இளைத்துவிடும். புட்டியைத் திறந்த அன்று சரியாக இருந்த அடர்த்தி ஒரு மாதம் கழித்தும் அப்படியே இருக்கும் என்று எண்ணுவதுதான் பல இடங்களில் நடக்கும் தவறு.

அமைல் ஆல்கஹால்: 1 மில்லிலிட்டரின் வேலையும் அபாயமும்

அமிலம் உறையைக் கரைத்துவிட்ட பிறகும் கொழுப்பு எளிதில் ஒன்றுசேர்ந்துவிடுவதில்லை. நுண்துளிகளாகச் சிதறிய கொழுப்புக்கும் பழுப்புத் திரவத்துக்கும் இடையிலான எல்லையில் பரப்பு இழுவிசை செயல்படுகிறது. கரைந்த புரதச் சிதைவுகளும் அந்த எல்லையில் ஒட்டிக்கொள்கின்றன. அமைல் ஆல்கஹால் இந்த எல்லையில் சென்று தங்கி, இழுவிசையைக் குறைத்து, துளிகள் புரத மிச்சங்களிலிருந்து விடுபட்டு ஒன்றோடொன்று கூட வழிசெய்கிறது. அதோடு, சர்க்கரையும் கொழுப்பும் கருகுவதையும் குறைக்கிறது. இது இல்லாமல் சோதித்தால் பத்தி வந்துவிடும், ஆனால் கலங்கலாகவும் அடிப்பகுதி தெளிவற்றதாகவும் இருக்கும். எந்தக் கோட்டில் தொடங்குகிறது என்று துல்லியமாகப் படிக்க முடியாது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். ஆல்கஹாலும் நீரைவிட இலேசானது, அமைல் ஆல்கஹால் நீரில் அவ்வளவாகக் கரையாததும்கூட. அப்படியானால் ஊற்றிய 1 மி.லி.-யும் மேலே வந்து 8 சதவீதக் கொழுப்பாகக் காட்டியிருக்க வேண்டாமா? அப்படி நடக்காததற்குக் காரணம் அமிலம்தான். சரியான வகை அமைல் ஆல்கஹால் வலுவான கந்தக அமிலத்தில் கரைகிறது. ஒரு பகுதி அமிலத்துடன் இணைந்து, அமிலத்திலேயே கரைந்து நிற்கும் எஸ்டராகவும் மாறுகிறது. வேலை முடிந்ததும் அது கீழே உள்ள பழுப்புத் திரவத்தோடு போய்விடுகிறது. பத்தியில் தங்கும் மிகச் சிறு பங்கு, சோதனையின் அளவுகளை நிர்ணயித்தபோதே கணக்கில் அடங்கிவிட்டது. 10 மி.லி. அமிலம், 10.75 மி.லி. பால், 1 மி.லி. ஆல்கஹால் என்ற விகிதம் மாறாதவரை அந்தச் சமன்பாடு நிற்கும். ஆல்கஹாலை 1 மி.லி.-க்குப் பதிலாக ஒன்றரை மி.லி. ஊற்றிவிட்டால் மிகுதி கொழுப்போடு தங்கி எண்ணை உயர்த்தும்.

"சரியான வகை" என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. அமைல் ஆல்கஹால் என்பது ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட பல ஆல்கஹால்களின் பொதுப்பெயர். சோதனைக்கு உகந்தது முக்கியமாக ஐசோஅமைல் ஆல்கஹால் கொண்டது. சாராயம் வடிக்கும்போது கிடைக்கும் ஃபியூசல் எண்ணெயிலிருந்து இதைப் பிரித்தெடுக்கிறார்கள். இதன் கொதிநிலை 128 முதல் 132 டிகிரிக்குள் அமையும். இதே குடும்பத்தைச் சேர்ந்த மூன்றாம்நிலை அமைல் ஆல்கஹாலோ வலுவான அமிலத்தில் மிக எளிதாக நீரை இழந்து, அமிலீன் என்ற எண்ணெய்த்தன்மையுள்ள ஹைட்ரோகார்பனாக மாறிவிடும். அமிலீன் அமிலத்தில் நிற்காது, கொழுப்போடு மேலே போகும். முன்பு பார்த்த கால் துளிக் கணக்கை இங்கே பொருத்திப் பார்த்தால் நிலைமை புரியும். ஊற்றிய 1 மி.லி.-யில் எண்பதில் ஒரு பங்கு இப்படி மேலே தங்கினாலே 0.1 சதவீதம் கூடிவிடும்.

நல்ல ஆல்கஹாலையும் தவறான அமிலம் கெடுத்துவிடலாம். அமிலம் அளவுக்கு மீறி வலுத்திருந்தால் ஐசோஅமைல் ஆல்கஹாலிலிருந்தும் இத்தகைய எண்ணெய்கள் உண்டாகும். ஆகவே அமில வலிமையையும் ஆல்கஹாலின் தரத்தையும் தனித்தனியே பார்ப்பது போதாது. ஒன்றின் பிழை மற்றொன்றின் வழியாகவே எண்ணில் வந்து சேர்கிறது.

இதைப் பிடிப்பதற்கு எளிய வெற்றுச் சோதனை ஒன்று உண்டு. பாலுக்குப் பதிலாக அதே அளவு தண்ணீரை எடுத்து, மற்ற அனைத்தையும் வழக்கம்போலச் சேர்த்துச் சுழற்றி, குழாயை 24 மணி நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். தண்ணீரில் கொழுப்பு இல்லை. ஆகவே தண்டில் எண்ணெய்ப் படலம் ஏதேனும் தோன்றினால் அது ஆல்கஹாலிலிருந்தே வந்திருக்க வேண்டும். புதிய புட்டி ஒவ்வொன்றையும் திறந்தவுடன் இதைச் செய்துவிட்டால், மாதக்கணக்கில் தவறான எண் பதிவாவதைத் தவிர்க்கலாம். இந்த ஒரு நாள் தாமதத்தைச் சகித்துக்கொள்ளாத ஆய்வகத்தின் எண்ணை நம்புவது கடினம்.

செய்யும் வரிசையும் அதன் காரணமும்

1. குழாயில் முதலில் 10 மி.லி. அமிலம் ஊற்றப்படுகிறது. கழுத்தின் உட்சுவரில் படாமல் ஊற்ற வேண்டும். நனைந்த கழுத்தில் அடைப்பான் வழுக்கும்.

2. பிறகு, மெதுவாகப் புரட்டிப் புரட்டிக் கலந்த பாலிலிருந்து 10.75 மி.லி. எடுத்து, சுவரோரமாக மெல்ல இறக்க வேண்டும். பால் இலேசானதால் அமிலத்தின் மேல் தனி அடுக்காக நிற்கும். மாறாகப் பாலின் மேல் அமிலத்தை ஊற்றினால், கனமான அமிலம் பாலைத் துளைத்துக்கொண்டு இறங்கும். இறங்கும் வழியெல்லாம் பால் திரிந்தும் கருகியும் போகும், சூடும் கட்டுப்பாடின்றி எழும்.

3. ஆல்கஹால் கடைசியில் வருகிறது. இடையில் பாலின் அடுக்கு இருப்பதால் அது அடர் அமிலத்தை நேரடியாகத் தொடுவதில்லை. இரண்டும் நேருக்கு நேர் சேர்ந்தால்தான் மேலே சொன்ன எண்ணெய்கள் அதிகம் உண்டாகும்.

4. அடைப்பானை இறுக்கி, கட்டி முழுவதும் கரையும்வரை குலுக்கி, தண்டிலுள்ள அமிலமும் கலக்கும்படி சில முறை தலைகீழாக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் தயங்கித் தயங்கிக் குலுக்குவது தவறு. பாதியில் நின்றுபோன கட்டி பிறகு கரைய மறுக்கும்.

5. நிமிடத்துக்குச் சுமார் 1,100 சுற்று வேகத்தில் நான்கைந்து நிமிடம் சுழற்ற வேண்டும். வழக்கமான கெர்பர் சுழற்சிக் கருவியில் இது புவியீர்ப்பைப் போலச் சுமார் 350 மடங்கு விசையைத் தருகிறது.

6. 65 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் தண்டு மேலாக ஐந்து நிமிடம் வைத்து, வெளியே எடுத்தவுடன் படிக்க வேண்டும். அடைப்பானை லேசாக அழுத்தியோ தளர்த்தியோ பத்தியின் அடியை ஒரு முழு எண் கோட்டில் நிறுத்தி, மேற்புறக் குழிவின் தாழ்ந்த புள்ளியைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்ப்பதே முறை.

கடைசிப் படியை அவசரப்படுத்தினால் பிழை எந்தத் திசையில் போகும் என்பதையும் அறிந்திருக்கலாம். கொழுப்பு ஆறினால் சுருங்கும், எண் குறையும். தொட்டி அளவுக்கு மீறிச் சூடாக இருந்தால் விரியும், எண் கூடும். ஆனால் இந்தப் பிழை சிறியது. 15 டிகிரி மாறினாலும் 4.0 என்ற அளவில் 0.05 போலத்தான் நகரும். அமிலத்தாலும் ஆல்கஹாலாலும் வரும் பிழை இதைப் போல் பல மடங்கு இருக்கக்கூடும்.

ஒரு எடுத்துக்காட்டு

ஒரு சங்கத்தில் பசும்பால் ஊற்றுபவர் ஒருவரின் சீட்டில் கருவி 3.7 என்று காட்டியதாகக் கொள்வோம். அவர் மறுசோதனை கேட்கிறார். அதே பாலைக் கெர்பர் முறையில் சோதித்ததும் 4.0 வருகிறது. கருவிதான் தவறு என்று அங்கேயே முடிவுகட்டிவிடத் தோன்றும். ஆனால் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பத்தியின் நிறம் தெளிந்த மஞ்சளாக இல்லாமல் கறுத்துப்போயிருக்கிறது. அடியில் கடுகு உடைத்ததுபோல் கரும்புள்ளிகள் நிற்கின்றன. இது அமிலம் வலுத்திருப்பதன் அடையாளம். அடர்த்தியைப் பார்த்தால் 27 டிகிரியில் 1.83 இருக்கிறது. கடையிலிருந்து வந்த அமிலத்தை இளைக்காமல் அப்படியே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அமிலத்தை இளைக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். 98 சதவீத அமிலம் 1 லிட்டருக்கு ஏறத்தாழ 150 மி.லி. தண்ணீர் தேவைப்படும். ஆறவைத்து, 27 டிகிரியில் அடர்த்தியைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். இப்படிச் சரிசெய்த அமிலத்தில் அதே பாலை இரண்டு குழாய்களில் சோதிக்கும்போது, இரண்டிலும் தெளிவான பத்தியுடன் 3.8 வருகிறது. ஆகவே முதல் சோதனையில் கூடுதலாகக் காட்டிய 0.2 சதவீதம் கொழுப்பே அன்று, ஏறத்தாழ 0.025 மி.லி. அளவுக்கு அமிலத்தாலும் ஆல்கஹாலாலும் விளைந்த போலிக் கனம் அது. கருவியின் மீதி 0.1 விலகலுக்கு விவசாயியின் முறையீடு நியாயமானது. ஆனால் அந்த விலகல் 0.3 அன்று.

இந்த 0.2 எவ்வளவு பெரியது? நாளொன்றுக்கு 10 லிட்டர் பால் என்றால் எடை 10.3 கிலோ. அதில் 0.2 சதவீதம் சுமார் 20.6 கிராம் கொழுப்பு, ஒரு மாதத்துக்கு 600 கிராமுக்கும் மேல். கொழுப்பல்லாத திடப்பொருள் அளவைக் கணக்கிடும் சூத்திரத்திலும் கொழுப்பு எண்ணின் கால் பங்கு அளவு சேர்வதால், கொழுப்பில் நேர்ந்த பிழை அந்த எண்ணிலும் தொற்றிக்கொள்ளும். பிழை எதிர்த்திசையில் இருந்தால், அதாவது அமிலம் இளைத்துக் கொழுப்பு கட்டியில் சிக்கியிருந்தால், இதே அளவு விவசாயியின் கையிலிருந்து போகும்.

இந்த முறை காட்டாதவை

சுழற்சிக்குப் பின் மேலே வருவது பாலிலுள்ள எல்லாக் கொழுப்புச் சேர்மங்களும் அன்று. உறையைச் சேர்ந்த பாஸ்போலிப்பிடுகளின் பெரும்பங்கு அமிலத்தில் சிதைந்து கீழேயே தங்கிவிடுகிறது. துல்லியமான ஒப்பீட்டுக்கு ஈதர் கொண்டு கொழுப்பைப் பிரித்து எடை பார்க்கும் ரோஸ்-காட்லிப் முறையை ஆய்வகங்கள் வைத்திருப்பது இதனால்தான். கெர்பர் குழாய்களின் அளவுகள் அத்தகைய எடை முறையோடு ஒத்துப்போகும்படியே அமைக்கப்பட்டவை.

சமனப்படுத்திய பாலில், அதாவது ஹோமோஜினைஸ் செய்த பாலில், உருண்டைகள் பல மடங்கு சிறியவை. ஒரே சுழற்சியில் அவை முழுவதும் மேலே வராது. வெந்நீரில் வைத்து மீண்டும் சுழற்றி, எண் மாறாமல் நிற்கும்வரை தொடர வேண்டும். பாக்கெட் பாலை ஒரே சுழற்சியில் சோதித்துவிட்டு 3.0 இருக்க வேண்டிய இடத்தில் 2.8 என்று குற்றம் சாட்டுபவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கெடாமல் இருக்க ஃபார்மலின் கலந்த பால் வேறு வகையில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஃபார்மால்டிஹைடு புரதத்தை இறுக்கிவிடுவதால் கட்டி எளிதில் கரையாது. வழக்கத்தைவிட நெடுநேரம் குலுக்கியும் வெள்ளைத் துணுக்குகள் நின்றால், ஆல்கஹாலையும் அமிலத்தையும் மட்டும் சந்தேகிப்பது போதாது. அமிலத்தில் இரும்பின் சிறு தடயம் இருந்தால், பாலும் அமிலமும் சேரும் எல்லையில் ஊதா வளையம் தோன்றும். அது ஃபார்மலினுக்கான அடையாளம்.

தாவர எண்ணெயைக் கலந்து கொழுப்பை ஏற்றிய பாலை இந்த முறையால் பிரித்தறிய முடியாது. எந்தக் கொழுப்பானாலும் அமிலத்தில் கரையாமல் மேலே மிதக்கும். குழாய்க்கு அதன் பிறப்பிடம் தெரியாது. அதற்குக் கொழுப்பைத் தனியே எடுத்து, ரைக்கெர்ட்-மைஸல் எண் போன்ற வேறு சோதனைகளைச் செய்ய வேண்டும்.

மின்னணுக் கருவிகளைப் பற்றிய குழப்பமும் இங்கேதான் முடிவுக்கு வருகிறது. சங்கங்களில் உள்ள மீயொலிக் கருவி கொழுப்பைப் பிரித்து அளப்பதில்லை. ஒலி பாலின் ஊடே செல்லும் விதத்திலிருந்து கொழுப்பைக் கணிக்கிறது. எந்தக் கணிப்பு எந்த எண்ணுக்கு ஈடு என்பதை அதற்குக் கற்றுத்தருவது, அதே பால் மாதிரிகளின் கெர்பர் அளவோ எடை முறையின் அளவோதான். வலுத்த அமிலத்தால் 0.2 கூடிய கெர்பர் எண்களை வைத்துக் கருவியைத் திருத்தினால், மறுநாளிலிருந்து கருவியும் 0.2 கூட்டியே காட்டும். அப்போது இரண்டும் ஒத்துப்போகும், இரண்டுமே தவறாக இருக்கும். ஆகவே கருவியைத் திருத்தும் நாளில் கேட்டுப் பார்க்க வேண்டியவை மூன்று: அன்றைய அமிலத்தின் அடர்த்தி, ஆல்கஹால் புட்டிக்குச் செய்த வெற்றுச் சோதனையின் முடிவு, ஒப்பிட்ட குழாய்களில் பத்தியின் அடி தெளிவாக இருந்ததா என்பது.